கூட்டாமல் விட்ட மேல் வரி

என் லாரி நாமக்கல்லுக்குத் திரும்பியதும் டேங்கை நிறைத்தோம். இருநூறு லிட்டர் பிடித்தது. டிரைவர் குருமூர்த்தி நீட்டிய டீசல் நோட்டை வாங்கிக் கணக்குப் பார்த்தேன். டேங்கை நிறைத்து அனுப்பிய வண்டிக்கு நடுவழியில் வேறு நூறு லிட்டர் ஊற்றியிருக்கிறார். ஆக முந்நூறு. டிரிப் மீட்டரோ 588 கிலோமீட்டர்தான் காட்டியது. லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் ஓடும் வண்டி இரண்டுகூட ஓடவில்லை.

மறுபடியும் திருட்டா?

"மிச்ச டீசல் எங்க போச்சு, குருமூர்த்தி?"

அவர் முகம் வெளுத்தது. "ஏனுங்க அக்கா, 588 நடுவுல ஊத்துனதுக்கு அப்புறம் ஓடுனதுங்க. எப்ப டீசல் ஊத்துனாலும் மீட்டரை சைபர் பண்ணீருவமுங்க. அதுக்கு முந்தி ஓடுன 612 மேல் வரியில இருக்குது பாருங்க. ரெண்டையும் கூட்டோணுமுங்க."

கூட்டினேன். ஆயிரத்து இருநூறு. முந்நூறால் வகுத்தேன். அச்சு அசலாக நான்கு.

குருமூர்த்தி மூச்சு விட்டார். எனக்கு வேறொரு கணக்கு நினைவுக்கு வந்தது. இந்த நோட்டை நான் பார்க்க ஆரம்பித்து இரண்டு மாதம்தான் ஆகிறது. பக்கத்தைப் பின்னால் தள்ளினேன்.

போன மாதம் திருடன் என்று ஊரறியத் துரத்திய டிரைவர் சின்னுசாமியின் பக்கம் அது. கடைசி வரியில் 470, நிறைத்தது 170 லிட்டர். மேல் வரியில் 530, நடுவழியில் 80 லிட்டர். ஆயிரம் கிலோமீட்டர், இருநூற்றைம்பது லிட்டர்.

அதுவும் நான்கு.

"மேல் வரியைப் பாருங்க அக்கா" என்று அன்று அவரும் சொன்னார். பேசாதே என்று கத்தியது நான்தான்.