இன்டிமேட்டுக்கு ஒரு ‘டு’

முதன்மைத் தேர்வாளர் கட்டும் கையுமாக எழுந்து வந்தாலே, கூடத்தில் விடைத்தாள் திருத்தும் ஆங்கில வாத்தியார்களெல்லாம் போட்ட மார்க்கை இன்னொரு முறை கூட்டிப் பார்ப்பார்கள். ஒவ்வொருவர் திருத்தியதிலும் சிலவற்றை உருவி எடுத்து ‘கீ’ என்கிற விடைக்குறிப்போடு ஒத்துப் பார்ப்பது அவர் வேலை. அன்று அவர் ஜன்னலோரம் திருத்திக்கொண்டிருந்த டீச்சரின் மேசையைத் தாண்டிப் போய் அடுத்த மேசையில் நின்றார். அங்கே உட்கார்ந்திருந்தது டீச்சரின் நாத்தனார்.

“இந்தக் கேள்விக்கு யாரக் கேட்டு மார்க் போட்டீங்க?”

டீச்சர் தலையைத் தூக்காமல் காதைத் தீட்டிக்கொண்டாள். மூன்று வாக்கியங்களைக் கொடுத்து, பிழை இருந்தால் திருத்தச் சொல்லும் கேள்வி அது. ‘எனக்குத் தெரிவி’ என்று தமிழில் நினைத்துக்கொண்டு பிள்ளைகள் ‘இன்ஃபார்ம் டு மீ’ என்று எழுதித் தள்ளுவார்கள். ‘ரெக்வெஸ்ட் டு யூ’ என்பார்கள். இரண்டிலும் அந்த ‘டு’ ஆகாது. ‘இன்ஃபார்ம் மீ’, ‘ரெக்வெஸ்ட் யூ’ என்றுதான் வரவேண்டும். மூன்றாவது வாக்கியம், அலுவலகம் தேதியை எங்களுக்குத் தெரிவித்தது என்பது: ‘இன்டிமேட்டட் த டேட் டு அஸ்’. அதிலும் ‘டு’வை வெட்டி, ‘இன்டிமேட்டட் அஸ் த டேட்’ என்று எழுதினால்தான் மதிப்பெண் என்றது விடைக்குறிப்பு.

“மூணாவதுல தப்பே இல்ல சார்,” என்றாள் நாத்தனார். “இன்டிமேட்டுக்கு ‘டு’ வேணும். தப்பில்லன்னு விட்ட பசங்களுக்கு மார்க் போட்டேன்.”

“கீயில என்ன இருக்கு?”

“கீ தப்பு சார்.”

சுற்றியிருந்த மேசைகளில் பேனாக்கள் நின்றன.

“கீ போட்டவங்க உங்களவிடப் படிச்சவங்கம்மா. உங்களுக்கு இன்னும் வேலையே நிரந்தரம் ஆகல. கீயை மீறித் திருத்தினாங்கன்னு நான் ஒரு வரி எழுதினா என்ன ஆகும்னு தெரியும்ல?”

தெரியும். டீச்சருக்கு அதற்கு மேலும் ஒன்று தெரியும். கேள்வித்தாளோடு அந்த விடைக்குறிப்பையும் போட்டதே அவள்தான். கேள்வித்தாள் எடுத்தவர் யாரென்று பெற்ற தாய்க்கும் தெரியக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் வேலையைக் கொடுப்பார்கள். தலைவலி என்று வீட்டில் பொய் சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து எடுத்தாள். வருஷக்கணக்காக ‘டு’வைக் கண்டால் அடித்துப் பழகிய கை, மூன்றாவதையும் சேர்த்து அடித்துவிட்டிருக்கிறது. இப்போது மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். இன்ஃபார்ம் செய்வது ஆளை. இன்டிமேட் செய்வது செய்தியை. ஆளுக்கு முன்னால் ‘டு’ இல்லாமல் அது நிற்காது. முகம் பற்றி எரிந்தது. இது இப்படியே அமுங்கிப் போய்விடாதா என்றும் நினைத்தாள். அப்படி நினைத்ததற்கு வெட்கப்படவும் செய்தாள்.

பட்டும் படாமலும் ஒரு முயற்சி செய்தாள். “சார், போர்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமே.”

“ஆளாளுக்கு ஒண்ணு சொல்வீங்க, நான் போனும் கையுமா நிக்கணுமா? கீ போட்டவங்களே வந்து தப்புன்னு சொல்லட்டும், மாத்தறேன்.” அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அறிக்கைத் தாளை விரித்தார். “இல்லேன்னா, போட்ட மார்க்க இப்பவே அடிச்சிடுங்க. நானும் எழுதல.”

நாத்தனார் அந்த விடைத்தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “எழுதுங்க சார். சரியா எழுதுன பிள்ளைக்குப் போட்ட மார்க்க என் கையால அடிக்க மாட்டேன்.”

டீச்சருக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. கல்யாணமாகி வந்த நாள் முதல் பார்க்கிற பிடிவாதம். அறிக்கைத் தாளில் அவர் பேனா முனை பட்டது. டீச்சர் எழுந்து நின்றாள்.

“வந்துட்டேன் சார்.”

“என்னம்மா?”

“கீ போட்டவங்களே வந்து சொல்லணும்னீங்களே. நான்தான் போட்டேன். தப்பாப் போட்டுட்டேன்.”

அவர் பேனாவைத் தாளிலிருந்து எடுத்தார். “இத இப்பிடி எல்லார் முன்னாலயும் சொல்லிட்டா, அப்புறம் உங்களக் கேள்வித்தாள் எடுக்கக் கூப்பிடவே மாட்டாங்க. தெரியும்ல?”

“தெரியும் சார்.”

பேனாவை மூடினார். தன் அறைக்குப் போய் போனில் பேசிவிட்டு வந்தார். “மூணாவத அப்படியே விட்டவங்களுக்குத்தான் மார்க். எல்லாக் கட்டையும் பிரிங்க. முதல்லேர்ந்து பாக்கணும்.”

கூடமே முனகியது. “நல்லா வெச்சாங்கய்யா ஆப்பு,” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். யாரும் டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தன் கட்டின் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். அவசரமாக இழுத்ததில் முடிச்சு இன்னும் இறுகியது.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நாத்தனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “குடுங்க அண்ணி, நான் அவுத்துத் தரேன்.”

“உன் கட்டப் போய்ப் பாரு. முதல்லேர்ந்து பாக்கச் சொன்னாருல்ல?”

“என்னுது சரியாத்தான் இருக்கு அண்ணி.”