பதினெட்டுக் கார்களும் பத்தடி ஒழுங்கையும்

"கார் எல்லாத்தையும் எண்பது வீதத்துக்குச் சுருக்கிப் போடு புள்ள" என்று றஸ்மி சொன்னபோதே முனவ்வறாவின் மூக்கு வேர்த்தது.

கல்முனைப் பிரதான வீதியில், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருக்கும் கட்டடப் படம் கீறும் அலுவலகம் அது. கோடு கீறுவது, அவள் அண்ணன் முறையில் "காக்கா" என்று கூப்பிடும் முதலாளி றஸ்மி. அந்தக் கோடுகளுக்குக் கணினியில் நிறம் போட்டு, கூரைக்கு ஓடு வைத்து, நிலத்துக்குக் கல் பதித்து, மரத்துக்கு நிழல் விழுத்தி, வானத்திலிருந்து குனிந்து பார்ப்பதுபோல் வளவை ஆக்கிக் கொடுப்பது முனவ்வறா. பதினொரு வருடமாக இதே வேலை. எங்கே எது அரை அடி பிசகினாலும் அவளுக்குப் பல்லில் கல் கடிபட்டது மாதிரி இருக்கும்.

"ஏன் காக்கா சுருக்கணும்? கார் கார்ட அளவுல இரிக்கட்டுமே."

"பாக்க விசாலமா இரிக்கும். கஸ்டமர் கேக்காரு, நமக்கென்ன?"

கஸ்டமர் அதாவுல்லா ஹாஜியார். சாய்ந்தமருதில் கல்யாண மண்டபம் கட்டப் போகிறார். அந்த வளவின் கிழக்கு ஓரமாக பத்தடி அகல ஒழுங்கை ஒன்று போகிறது. போய் முடிகிற இடத்தில் ஒரேயொரு வீடு. அது முனவ்வறாவின் தங்கச்சி அப்ராவுக்கு வாப்பா எழுதிக் கொடுத்த சீதன வீடு. ஒழுங்கையில் போய்வரும் உரிமையும் அதே உறுதிப் பத்திரத்தில் அப்ராவின் பெயரில்தான் இருக்கிறது. அவள் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் இல்லாமல் ஹாஜியாரால் அந்தப் பக்கம் ஒரு கல்லும் நட முடியாது. அவளுக்குக் காட்டத்தான் இந்த நிறப்படம்.

சந்தேகத்தை வாய்க்குள் அடக்கிக்கொண்டு முனவ்வறா சொன்னபடி செய்தாள். சம்பளம் வாங்குகிறவள் வேறு என்ன செய்வாள்? மண்டபக் கூரைக்குச் செங்காவி, நடைபாதைக்குச் சாம்பல் கல், வாகனம் நிறுத்தப் பதினெட்டுக் கட்டங்கள், ஒவ்வொன்றும் எட்டடிக்குப் பதினாறடி. கட்டங்களுக்கும் ஒழுங்கைக்கும் இடையில் வரிசையாகக் கமுகு. அந்தக் கமுகு வரிசையை மட்டும் அவள் ஆசையாகச் செய்தாள். தங்கச்சியின் ஒழுங்கைக்கு நிழல் விழட்டும் என்று ஒவ்வொரு மரத்தையும் வேறு வேறு பக்கம் திருப்பி வைத்தாள். திங்கட்கிழமை றஸ்மி அதைப் போனில் ஹாஜியாருக்கு அனுப்பினார். "மாஷா அல்லாஹ்" என்று பதில் வந்தது. இனிப்புப் பெட்டியும் வந்தது. முனவ்வறா இனிப்பைத் தொடவில்லை. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை அவளுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை, கூரையின் ஓரத்தைத் திருத்துவதற்காக றஸ்மியின் கோட்டுப்படத்தைத் திறந்தாள். கோட்டுப்படம் அடுக்கடுக்காக இருக்கும். சுவர் ஓர் அடுக்கு, வாகனம் ஓர் அடுக்கு, மரம் ஓர் அடுக்கு. வேண்டியதைக் காட்டலாம், வேண்டாததை மறைக்கலாம். மாநகர சபைக்குப் போகவிருந்த பிரதியில் கமுகு வரிசையைக் காணவில்லை. மர அடுக்கை அணைத்திருந்தார்கள். ஒழுங்கையின் எல்லைக்கோடும் இல்லை. அதன் இடத்தில் "வாகனப் பாதை, 20 அடி" என்று அழகாக எழுதியிருந்தது.

இருபதடி எங்கிருந்து வந்தது? கணக்குப் போட அவளுக்கு ஒரு நிமிடமும் பிடிக்கவில்லை. கட்டங்களுக்கு முன்னால் ஹாஜியாரின் நிலம் பத்தடிதான். மிச்சம் பத்தடி தங்கச்சியின் ஒழுங்கை.

முனவ்வறா எழுந்து கதவைச் சாத்தினாள். தன்னுடைய நிறப்படத்தைத் திறந்து, சுருக்கிய கார்களை நூறு வீதத்துக்கு மீட்டாள். பதினோரடிப் பொம்மைக் கார்கள் பதினாலடி உண்மைக் கார்களாயின. ஒரு சிவப்புக் காரை எடுத்து, கட்டத்திலிருந்து பின்னுக்கு இழுத்துத் திருப்பிப் பார்த்தாள். பத்தடி இடம், அதில் இரண்டடி மரப்பாத்திக்குப் போக மிச்சம் எட்டு. பதினாலடிக் கார் எட்டடிக்குள் எப்படித் திரும்பும்? கமுகை முறித்துக்கொண்டு, ஒழுங்கையின் நடுவில் பின்பக்கத்தை வைத்துத்தான் திரும்பும். நேராக நிறுத்தும் கட்டத்துக்கு முன்னால் இருபதடி வேண்டும் என்பது இந்தத் தொழிலில் முதல் மாதமே படிக்கிற பாடம்.

ஆக, அந்தக் கமுகு என்றைக்கும் நடப்படப் போவதில்லை. அவள் ஆசையாகத் திருப்பித் திருப்பி வைத்த மரங்கள் அப்ராவின் கண்ணுக்கு மட்டும் முளைத்தவை. மண்டபம் திறந்தபிறகு கல்யாணத்துக்குக் கல்யாணம் ஒழுங்கையை வாகனம் அடைக்கும். அந்த வீட்டில் ஒரு மௌத்து நடந்தால் பிரேதத்தைச் சந்தூக்கில் வைத்துத் தோளில் சுமந்து வருகிறவர்கள் கார்களுக்கிடையில் பக்கவாட்டில் நெளிந்துதான் போக வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். மறைக்கச் சோறு போட்டதோ அவள் கை.

றஸ்மி சாப்பிட்டுவிட்டு வந்ததும் நேராகவே கேட்டாள்.

"காக்கா, சபைக்கு ஒரு படம், என்ட தங்கச்சிக்கு ஒரு படமா? ஹாஜியாருக்கு இவ்வளவு மூளை இரிக்கா, இல்லாட்டி நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?"

றஸ்மி கதிரையில் உட்காரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"என்னச் சந்தேகப்படாத புள்ள. ஹாஜியாருக்குக் காரச் சுருக்கத் தெரியுமா? அவரு இருபதடி வேணுமெண்டு மட்டும்தான் சொன்னாரு. மரம் வைக்கச் சொன்னதும், காரச் சின்னதாக்கச் சொன்னதும் வேற ஆள்."

"ஆரு?"

"கேட்டிட்டு என்னோட கோவிக்கக் கூடா" என்று சொல்லிப் போனை நீட்டினார்.

குரல் பதிவு ஓடியது. கோழி வெட்டும் சத்தமும் பெரிய கிடாரத்தில் அகப்பை உரசும் சத்தமும் பின்னால் கேட்டன. அந்தச் சத்தங்களுக்கு நடுவில் கதைத்த குரல் ஹாதிக்குடையது. கல்யாண வீடுகளில், ஒரே தட்டைச் சுற்றிப் பலர் உட்கார்ந்து சாப்பிடும் சகன் சாப்பாடு சமைக்கிற ஹாதிக். அப்ராவின் புருசன்.

"றஸ்மி காக்கா, மரம் கட்டாயம் தெரியணும். கார் நெருக்கமாத் தெரியக் கூடா. எங்கட வீட்டுல கேள்வி கேக்கிற ஆள் அப்ராதான். ஆனா அவட ராத்தா கீறின படமெண்டா அவ ஒண்டும் பாக்கமாட்டா, கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்து வெப்பா. அதால கீறுற வேலைய மதினிக்கிட்டயே குடுங்க. மண்டபத்துச் சமையல் முழுக்க எனக்கெண்டு ஹாஜியார் சொல்லிட்டாரு."

முனவ்வறா பதிவை இரண்டாம் தரம் போடவில்லை. ஹாஜியாரைச் சந்தேகித்தாள், முதலாளியைச் சந்தேகித்தாள், இனிப்புப் பெட்டியைக்கூடச் சந்தேகித்தாள். பெருநாளைக்குப் பெருநாள் பிரியாணிச் சட்டி அனுப்புகிற மச்சானை மட்டும் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவில்லை. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. அந்த வேலிக்கு நிறம் தீட்டிக் கொடுத்தது அவள்.

அன்று பின்னேரம், சரியான அளவுப் படத்தை ஏ-மூன்று தாளில் அச்சடித்து, சுருட்டி எடுத்துக்கொண்டு சாய்ந்தமருதுக்குப் போனாள். றஸ்மி தடுக்கவில்லை. "என்ட பேரைச் சொல்லாத" என்று மட்டும் சொன்னார்.

அப்ரா முற்றத்தில் காயப்போட்ட உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். ஹாதிக் வீட்டில்தான் இருந்தான். மதினியைக் கண்டதும் தேத்தண்ணிக்குச் சொன்னான், கதிரை இழுத்துப் போட்டான், சம்மதக் கடிதத்தையும் பேனையையும் மேசையில் எடுத்து வைத்தான்.

தாளை விரித்தாள். அப்ரா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, படத்தை ஒரு தரம் மேலோட்டமாகப் பார்த்தாள். "நல்ல வடிவு" என்றாள். பேனையை எடுத்துவிட்டாள்.

"பாருடி!"

"நீ கீறினதுதானே ராத்தா, நான் என்னத்தப் பாக்க?"

முனவ்வறா கடிதத்தின்மேல் கையை வைத்து மறைத்தாள். "இந்தச் சிவத்தக் காரப் பாரு. இது எப்படி வெளிய வரும் எண்டு எனக்குச் சொல்லிட்டு வெய்."

அப்ரா குனிந்தாள். விரலை அந்தக் காரின்மேல் வைத்து மெதுவாகப் பின்னுக்கு இழுத்தாள். விரல் கமுகைத் தொட்டது, கமுகைத் தாண்டியது, ஒழுங்கைக்குள் வந்து நின்றது. அடுத்த காருக்கும் அப்படியே செய்தாள். மூன்றாவது காரோடு விரலை எடுத்தாள். நிமிர்ந்து அவள் பார்த்தது படத்தையல்ல, புருசனை.

"கல்யாண நாளைக்கு மட்டும்தானே" என்றான் ஹாதிக். ஒருவரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. "மத்த நாளெல்லாம் சும்மாதானே கிடக்கும்."

"அப்ப உங்களுக்குத் தெரியும்" என்றாள் அப்ரா.

ஹாதிக் போனை எடுத்துத் தடவி, திங்கட்கிழமைப் படத்தைப் பெரிதாக்கி மேசையில் வைத்தான். சின்னக் கார்கள், தாராளமான இடம், நிழல் விழுந்த கமுகு.

"என்ன மட்டும் பாக்காத. இதையும் உன்ட ராத்தாதான் கீறினா. கேளு."

அப்ரா போனைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். ஒரே கூரை, ஒரே கல், ஒரே மரம். கார்கள் மட்டும் வேறு.

"ரெண்டும் நீ கீறினதா?"

"ஓம்" என்றாள் முனவ்வறா. "சுருக்கச் சொன்னாங்க, சுருக்கினன். என்னத்துக்கெண்டு அப்ப தெரியாது."

"உன்ட தொழில், உனக்குத் தெரியாதா?"

முதல் நாளே மூக்கு வேர்த்ததையும், வேர்த்த பிறகும் ஒரு நாள் முழுக்கச் சுருக்கிய கார்களை வரிசைப்படுத்தியதையும் தங்கச்சிக்கு எப்படிச் சொல்வது? அழக்கூடாது என்று முனவ்வறா தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்ரா பேனையை மூடினாள். கடிதத்தை நாலாக மடித்து ஹாதிக்கின் சட்டைப் பைக்குள் தானே செருகிவிட்டாள். பிறகு உள்ளே போய், வீடு கட்டிய காலத்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வந்தாள். செருப்பைப் போட்டு ஒழுங்கைக்கு இறங்கினாள்.

முனவ்வறா பின்னால் ஓடினாள். "நான் அளந்து காட்டுறன், இந்தா தா."

"நீ அந்தத் தொங்கலைப் பிடி."

முனவ்வறா மதிலோடு சேர்த்து நாடாவின் முனையைப் பிடித்தாள். அப்ரா நாடாவை இழுத்துக்கொண்டு போய் மற்ற எல்லைக்கல்லில் வைத்துக் குனிந்தாள். பழக்கதோசத்தில் முனவ்வறா வாயைத் திறந்தாள்.

"பத்து..."

"நீ சொல்லாத ராத்தா" என்றாள் அப்ரா. "நானே பாக்கிறன்."