அப்பா வாங்கிக் கொடுத்த மெத்தை

"எல்லாத்தையும் கட்டியாச்சா?"

"துணிப்பை ஒண்ணு, பக்கெட்டு ஒண்ணு, ஹெல்மெட்டு. மெத்த ஒண்ணுதான் பாக்கி."

"அத நான்தான் தூக்குவேன். நீ கை வெக்காத. கீழ போய் வண்டிக்காரன்கிட்ட கவுறு இருக்குதான்னு கேட்டுட்டு வரேன்."

பாக்கியநாதன் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி மாடிப்படி இறங்கினார். மகனைப் புதைத்துவிட்டு வந்ததிலிருந்து அவருக்குப் படி இறங்குவதென்றால் பயமாக இருக்கிறது. எந்தப் படியில் காலை வைத்தோம் என்பதே மறந்துபோகிறது என்கிறார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் இருந்தது அந்த அறை. மகன் ஜோஷ்வாவும் இன்னும் மூன்று பையன்களும் வாடகை பங்கிட்டு இருந்த இடம். நைட் ஷிப்ட் முடித்து வண்டியில் வரும்போது, நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் போய் மோதிவிட்டான். லாரி நகரக்கூட இல்லை. இவன்தான் போய் மோதினான். நேராகப் பார்த்துக்கொண்டு போகிறவன் எப்படி மோதுவான் என்று கேட்டுக் கேட்டு பாக்கியநாதனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பதில் சொல்ல ஆளில்லை.

மேலே அறையில் அவர் மனைவி ஹெலன் மெத்தை பக்கத்தில் உட்கார்ந்தாள். மெரூன் துணி போட்ட தென்னைநார் மெத்தை. பாக்கியநாதன் மகனுக்கென்று ஆசையாக வாங்கிக் கொடுத்தது. கவரைப்பேட்டையில் பழைய சாமான் கடையில் எடுத்து, மணவாள நகரில் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுவராமல் நேராக இங்கேயே இறக்கிவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஹெலன் ஆயிரம் கேள்வி கேட்பாள் என்று அவருக்குத் தெரியும். ஹெலன் திருவள்ளூரில் தேரடிப் பக்கம் ஒரு லாட்ஜில் ரூம் கூட்டுகிறவள். கோயிலுக்கு அமாவாசைக் கூட்டம் வந்து போனால் கட்டில் கட்டிலாகப் புரட்டிப் பார்க்கிறவள்.

இன்றைக்கு அந்த மெத்தையை வீட்டுக்குக் கொண்டுபோய், அதில் தானே படுக்க வேண்டும் என்பது பாக்கியநாதனின் ஆசை. வேறு எதையும் அவர் கேட்கவில்லை. அவளுக்கும் அதில் சம்மதம்தான். மகனின் வேர்வை வாசனை அதில் இருந்தது. உள்ளே வந்ததும் முதலில் குனிந்து அதைத்தான் முகர்ந்தாள்.

வீட்டில் மகள் மெர்சி பிரசவத்துக்கு வந்து, கைக்குழந்தையோடு இருக்கிறாள். ஒரே அறை. எல்லோரும் தரையில் வரிசையாகப் படுக்கிற வீடு. அதனால், கட்டுவதற்கு முன்னால் ஒருதரம் பார்த்துவிடலாம் என்று ஹெலன் போர்வையை உருவினாள். சந்தேகப்பட்டு அல்ல. சோறு வடிக்கிற கை தட்டைத் தேடுவதுபோல, மெத்தையைக் கண்டால் அவள் கை அதைத்தான் செய்யும்.

போன் டார்ச்சைப் போட்டாள். தலைமாட்டு மூலையில் ஆரம்பித்தாள். மெத்தை ஓரத்தைச் சுற்றிக் கயிறுபோலத் தடித்திருக்கும் தையலை இரண்டு கட்டைவிரலாலும் பிரித்துப் பார்த்தாள். பேனா முனையால் குத்தி வைத்ததுபோல் கரும்புள்ளிகள், கூட்டமாக இருந்தன.

"அது டீ கொட்டினதா இருக்கும்மா," என்றான் அன்புசெல்வன். ஜோஷ்வாவோடு தங்கியிருந்த பையன். வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"டீ இப்டி தையலுக்குள்ள போய் சொட்டு சொட்டா கொட்டுமா? கொஞ்சம் தண்ணி குடு."

முந்தானை நுனியை நனைத்துப் புள்ளியின் மேல் வைத்துத் தேய்த்தாள். துருப்பிடித்த நிறத்தில் இழுவிக்கொண்டு வந்தது. அழுக்கு அப்படி வராது. ரத்தம் குடித்து வெளியே போனதுதான் அப்படி வரும்.

பழைய பஸ் பாஸ் அட்டையைப் பையிலிருந்து எடுத்துத் தையல் இடுக்கில் விட்டு இழுத்தாள். தோலுரித்துப் போட்ட சட்டைகள் வந்தன, ஈர்க்குச்சி நிறத்தில், உள்ளே ஒன்றுமில்லாமல். ரவையை விடப் பொடியாக வெள்ளை முட்டைகள் ஒட்டிக்கொண்டு வந்தன. மெத்தையைப் புரட்டினாள். அடியில் கம்பெனிச் சீட்டு தைத்திருந்தது. அதைத் தூக்கினாள். வெளிச்சம் பட்டதும் மூட்டைப்பூச்சிகள் கலைந்து ஓடின.

ஹெலன் சீட்டை விட்டுவிட்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியுமா அன்பு?"

அவன் தலையைச் சொறிந்தான். "தெரியும்மா."

"எப்பலேர்ந்து?"

"இந்த மெத்த வந்து கொஞ்ச நாள்லயே. அதுக்கு முன்னாடி இந்த ரூம்ல ஒண்ணும் இல்ல. நாங்க சொன்னோம்மா, தூக்கிக் கடாசுடான்னு. கேக்கல."

"ஏன்?"

"அப்பா ஆசயா வாங்கினு வந்ததுடான்னான். தோள்ல வெச்சி மாடிக்கு அவரே தூக்கினு வந்தாராம். எறியறத அவரு கேள்விப்பட்டா செத்துடுவாருன்னான்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே. நான் இத்தயேதானேடா பொழப்பா வெச்சினு கீறேன்."

"அதத்தாம்மா சொன்னான். அம்மாகிட்ட சொன்னா அடுத்த பஸ்ஸ புடிச்சி வந்து ரூமயே பொரட்டிடும். அப்பறம் அப்பாவ ஒரு வழி பண்ணிடும். வாணாண்டான்னான்." சிரிக்க முயன்று அவனுக்கு வரவில்லை. "நைட் ஷிப்ட் முடிச்சி வந்து பகல்ல படுப்பான். ஜன்னல்ல அட்டய வெச்சி இருட்டாக்கிட்டுப் படுப்பான். படுத்தா அரிக்கும். ஏந்து ஒக்காந்துனு இருப்பான். கண்ணு ரெண்டும் மொளகாப் பழமாட்டம் இருக்கும். தூக்கமே இல்லம்மா அவனுக்கு, கடசில."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்குப் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டான்.

நேராகப் பார்த்துக்கொண்டு போகிறவன் எப்படி மோதுவான். தெருவெல்லாம் கேட்டும் கிடைக்காத பதில், இதோ இந்தத் தையலுக்குள் இருந்தது.

ஒன்று அவள் புறங்கையருகே ஊர்ந்து வந்தது. லாட்ஜில் என்றால் யோசிக்காமல் நசுக்குவாள். நேற்று வந்தவரைக் கடித்ததென்றால் சிவப்பாகத் தெறிக்கும். நாளாகியிருந்தால் கருத்துப் போயிருக்கும். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினாள். கருப்பாக, கெட்டியாக வந்தது.

"அவன் போனப்பறம் இதுல யாரு படுத்தது?"

"யாரும் படுக்கலம்மா. எங்களுக்கு மனசு வரல."

அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். துடைக்கவில்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஹெலன் வேகமாகப் போர்வையை மெத்தையின் மேல் இழுத்துப் போட்டாள்.

"அன்பு. அவருகிட்ட வாயத் தொறக்காத. மூட்டப்பூச்சின்ற பேச்சே வரக்கூடாது. உன் கால்ல விழறேன்."

"ஐயோ, இன்னாம்மா நீ."

பாக்கியநாதன் நைலான் கயிற்றோடு உள்ளே வந்தார். மூச்சு வாங்கியது. "அவன் நல்லவனாட்டம் கீறான். கவுறு குடுத்துட்டான். சுருட்டலாமா?"

"இத எடுத்துக்கினு போவ வாணாங்க."

"எத?"

"மெத்தய."

அவர் காதில் விழாதவர்போல வந்து மெத்தையின் மேல் உட்கார்ந்தார். கையால் தடவினார். பிறகு மெல்லச் சாய்ந்து, மகன் தலை வைத்த பக்கம் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஹெலன் அவர் தோளைப் பிடித்து இழுத்தாள். "எழுந்திருங்க."

"ரெண்டு நிமிஷம் ஹெலனு."

"எழுந்திருங்கன்றேன்." அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்தாள். முதுகைத் தட்டினாள். வேட்டியின் கரையை உதறினாள். அவர் ஒன்றும் புரியாமல் குழந்தைபோல் நின்றார்.

"இன்னாடி, தொட்டா தீட்டா? எம் புள்ள படுத்த எடம்."

"எனக்கு அதப் பாத்துக்கினு ஊட்ல இருக்க முடியாது."

"நீ பாக்காத. நான் படுக்கிறேன். காலைல சுருட்டி மேல போட்டுடறேன்."

"எடம் எங்க கீது? புள்ள பெத்தவ படுத்திருக்கா."

"நான் வெளியில, வாசப்படியாண்ட போட்டுக்கிறேன்."

"வாணாம்னா வாணாம். செத்தவன் படுக்கைய ஊட்டுக்குள்ள கொண்டாந்தா பச்சப் புள்ளைக்கு ஆவாது."

இப்படி ஒரு சொல் தன் வாயிலிருந்து வரும் என்று அவள் நினைத்ததில்லை. பாக்கியநாதன் கயிற்றைக் கீழே போட்டார்.

"செத்தவனா," என்றார். "பேரு கூட இல்ல, அவனுக்கு. செத்தவன்."

அன்புசெல்வன் ஓர் அடி முன்னால் வந்தான். "அப்பா, அது வந்து, அம்மா எதுக்குச் சொல்றாங்கன்னா..."

"அன்பு, நீ சும்மா இரு. இது எங்க ஊட்டு வெவகாரம்."

"கல்லு மனசுடி உனக்கு," என்றார் பாக்கியநாதன். "அவனுக்குன்னு நான் ஆசப்பட்டு வாங்கிக் குடுத்தது இது ஒண்ணுதான். கம்பெனியில கரன்ட் வேலைக்குப் போற புள்ள தரையில படுக்கக்கூடாதுன்னு வாங்குனேன். அவன் நல்லாத் தூங்குனாண்டி இதுல. போன்ல சொன்னான் எங்கிட்ட. அப்பா, சூப்பரா தூக்கம் வருதுப்பான்னான்."

ஹெலன் அன்புசெல்வனைப் பார்க்கவில்லை. அவனும் அவளைப் பார்க்கவில்லை.

"சொன்னானா," என்றாள். "சரி. அந்தமட்டுக்கும் நல்லாத் தூங்கினான்."

அவர் ஹெல்மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

அவர் இறங்கிப் போகும் சத்தம் அடங்கியதும் ஹெலன் குரலைத் தாழ்த்தினாள். "கத்தி இருக்குதா?"

"காய் வெட்றது கீதும்மா."

"மெத்தய நல்லா கிழிச்சிப் போடு. குறுக்கால, நெடுக்கால. முழுசா குப்பையில போட்டா, எவனாவது நல்லாக்கீதேன்னு எடுத்துக்கினு போய்த் தம் புள்ளைக்குப் போடுவான். ரூமுக்கு மருந்து அடிக்கச் சொல்லு. ஒரு வாட்டி அடிச்சா போவாது, முட்டயிலேர்ந்து பொரிஞ்சி வரும். மறுபடியும் அடிக்கணும். உன் பாய், தலகாணி எல்லாம் பாத்துக்கோ."

"சரிம்மா."

"கறுப்புப் பை பெருசா இருந்தா குடு."

மகனின் துணிப்பையைக் கறுப்புக் குப்பைப் பைக்குள் வைத்து, காற்று வெளியேற அமுக்கி, வாயை முறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டாள். அதற்கு மேல் இன்னொரு பையைப் போட்டுக் கட்டினாள்.

வண்டி புதுவாயலில் திரும்பி ஆரணி வழியாகப் போனது. பெரியபாளையம் தாண்டியதும் வண்டிக்காரன் கேட்டான், "மெத்த ஏத்தணும்னு சொன்னியே நைனா?"

"அம்மாவுக்கு வாணாமாம்."

வீட்டுக்குப் போனதும் ஹெலன் அந்தப் பையை வாசல் தாண்டவிடவில்லை. கொல்லைப்பக்கம் கொண்டுபோனாள். அவரையும் வெளியிலேயே நிறுத்திக் குளிக்கச் சொன்னாள். கட்டியிருந்ததை அவிழ்த்து அங்கேயே வைக்கச் சொன்னாள். சாவு வீட்டுக்குப் போய் வந்தவர் செய்வதுதானே என்று அவரும் செய்தார். விறகடுப்பில் அண்டா நிறையத் தண்ணீர் கொதித்தது. முடிச்சை அடுப்பருகே வைத்து அவிழ்த்து, ஒவ்வொரு துணியாக நேரே அண்டாவுக்குள் போட்டாள். யூனிபார்ம், லுங்கி, கிறிஸ்துமஸுக்கு எடுத்த நீலச் சட்டை.

மெர்சி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். "அம்மா, இன்னாம்மா பண்ற? தோய்க்காதம்மா. ஒரு சட்டையாவது அப்டியே வெய்யி. அவன் வாசனையே போயிடும்மா."

"கிட்ட வராத. புள்ளய எடுத்துக்கினு உள்ள போ."

"அப்பா, நீயாவது சொல்லேம்பா."

பாக்கியநாதன் ஈரத் துண்டோடு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். "உங்கம்மாவுக்கு அதுவும் வாணாமாம். வுடு."

ஹெலன் திரும்பிப் பார்க்கவில்லை. நீலச் சட்டைக்குள் காற்றுப் புகுந்துகொண்டு, தோளும் முதுகுமாக உப்பி, கொதிக்கிற தண்ணீருக்கு மேலே மேலே எழும்பி வந்தது. அவள் கழியை எடுத்து அதை உள்ளே அமுக்கினாள். விட்டதும் வந்தது. மறுபடியும் அமுக்கி, முழுவதும் முங்கும்வரை பிடித்துக்கொண்டாள்.