அம்மோனியாவுக்கு மூன்று நூற்றேழு

பேராசிரியர் திருமலைக்குத் தெரிந்த ரசாயனம் ஒரு டம்ளரில் அடங்கிவிடும். அதையும் அவர் நிரப்பிக்கொண்டது 1931-இல். அதற்குப் பிறகு அதில் ஒரு சொட்டும் விழவில்லை என்பதை அவருக்குக் கீழே டெமான்ஸ்ட்ரேட்டராக ஆறு வருஷம் குப்பை கொட்டிய நான் சத்தியம் செய்து சொல்வேன்.

எங்கள் கல்லூரி ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ் ரயில் பாதையை ஒட்டி, ஒரு பழைய மூட்டைக் கிடங்கில் நடந்தது. ஜன்னலைத் திறந்தால் மீன் நாற்றம், மூடினால் ஆய்வகத்து நாற்றம். இதில் எது மேல் என்று ஆசிரியர்கள் அறையில் தினமும் வாதம் நடக்கும். அந்த அறையில் நடந்த அறிவு விவாதம் அது ஒன்றுதான்.

1958-இல் திருமலைக்குத் திடீரென்று புதுமை மோகம் பிடித்தது. லண்டன் பத்திரிகை ஒன்றில் அதற்கு முந்தின வருஷம் வந்த கட்டுரையைப் பற்றி யாரோ ஒரு கூட்டத்தில் பேச, இவர் காதில் பாதி விழுந்துவிட்டது. எலக்ட்ரான் ஜோடிகள் ஒன்றையொன்று தள்ளும், அந்தத் தள்ளலைக்கொண்டே மூலக்கூறின் உருவத்தை வரைந்துவிடலாம் என்பது விஷயம். பாடத்திட்டத்தில் இல்லாத அதை பி.எஸ்ஸி. இறுதி வகுப்புக்கு நடத்தியே தீருவேன் என்று கிளம்பினார். நான் மவுண்ட் ரோடு வரை போய், நூலகத்தில் உட்கார்ந்து, கட்டுரையை முழுக்கப் படித்தேன். அவர் படிக்கவில்லை. அவர் பேராசிரியர், படிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு என்ன?

விஷயம் எளிது. நைட்ரஜனின் வெளிக்கூட்டில் ஐந்து எலக்ட்ரான்கள். மூன்றை ஹைட்ரஜன்களோடு பங்கு போட்டதும் மூன்று பிணைப்பு ஜோடிகள். மீதி இரண்டும் சேர்ந்து பங்கு போடாத ஒரு தனி ஜோடி. ஆக நான்கு ஜோடிகள். ஒன்றைவிட்டு ஒன்று எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகினால் நான்முகி உருவம், கோணம் நூற்றொன்பதரை டிகிரி. ஆனால் தனி ஜோடியை ஒரே அணுதான் பிடித்துவைத்திருக்கிறது. அதனால் அது அணுவை ஒட்டி அகலமாகப் பரந்து உட்காரும். ஆசிரியர்கள் அறை பெஞ்சில் திருமலை உட்காருவதுபோல. பக்கத்தில் இருப்பவர்கள் நெருங்கிக்கொள்ள வேண்டியதுதான். அம்மோனியாவில் கோணம் நூற்றேழு ஆகிவிடும். தண்ணீரின் ஆக்சிஜனுக்கு இரண்டு தனி ஜோடிகள், அதாவது பெஞ்சில் இரண்டு திருமலைகள். கோணம் இன்னும் சுருங்கி நூற்றுநாலரை.

திருமலை இதைக் கரும்பலகையில் வரைந்த அழகைச் சொல்ல வேண்டும். பலகைக்கான பெரிய மரக் கோணமானியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முதலில் தண்ணீர். ஆக்சிஜன், இரண்டு கோடு, கோணமானி, நூற்றுநாலரை. சரியாக வந்தது. வராமல் எங்கே போகும்? மூன்று அணுக்கள் எப்போதும் ஒரே தளத்தில்தான் இருக்கும், காகிதத்தில் அப்படியே படுத்துக்கொள்ளும். தண்ணீரில் நீந்திய தைரியத்தில் அவர் அம்மோனியாவில் குதித்தார். நைட்ரஜனிலிருந்து ஒரு கோடு கீழே. அதற்கு இந்தப் பக்கம் நூற்றேழு அளந்து ஒரு கோடு, அந்தப் பக்கம் நூற்றேழு அளந்து ஒரு கோடு. மேலே மிச்சமிருந்த மூன்றாவது இடைவெளியை அளக்கவே இல்லை. அதிலும் நூற்றேழு என்று எழுதிவிட்டுக் கையைத் தட்டிச் சுண்ணாம்பை உதறினார். அந்த இடைவெளி நூற்று நாற்பத்தாறு டிகிரி. கண்ணிருக்கும் எவனுக்கும் தெரியும். நாற்பத்திரண்டு பிள்ளைகளும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். ஆட்டு மந்தை.

நான் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்று மனசுக்குள் சிரித்தேன். அவர் மடையர், இவர்கள் மந்தை, நான் ஒருவன்தான் அறிவாளி. அந்த நினைப்பிலேயே எனக்குச் சாப்பாடு இறங்கும்.

மந்தையில் சேராதவன் லட்சுமணன். காசிமேட்டுக்காரன். தகப்பனார் அப்பாவு கட்டுமரத்தில் மீன் பிடிக்கப் போகிறவர். பையன் பிரமாதமான மாணவன் என்று பொய் சொல்ல மாட்டேன். கரிம ரசாயனத்தில் தேறவே மாட்டான். ஆனால் ஒன்று புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லிவிடுவான். அன்று மாலை ஆய்வகத்தில் என்னிடம் வந்தான்.

"சார், மூணு நூத்தேழு முன்னூத்தி இருவத்தொண்ணு தானே? சுத்தி வந்தா முன்னூத்தி அறுவது. மிச்சம் முப்பத்தொம்பது எங்க சார் பூட்ச்சு?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆறு வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் நான் கேட்ட முதல் கேள்வி அது.

"படம் தட்டை, அம்மோனியா தட்டையில்லை. அதுதான்" என்றேன். "நைட்ரஜன் உச்சியில் நிற்கிறது, மூன்று ஹைட்ரஜனும் கீழே கால் ஊன்றியிருக்கின்றன. ஒரு பிணைப்பைக் காகிதத்திலேயே கோடாகப் போடு. நம்மை நோக்கி வருவதை ஆப்பு மாதிரி தடித்துப் போடு. பின்னால் போவதைப் புள்ளிக்கோடாகப் போடு. தனி ஜோடியை உச்சிக்கு மேலே வரை. கோணத்தைப் பக்கத்தில் எழுது. அதை அளக்க முடியாது, அது சாய்ந்து நிற்கிறது."

அவன் தலையாட்டிக்கொண்டு போனான். நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டேன்.

ஜனவரியில் செலக்‌ஷன் பரீட்சை வந்தது. கல்லூரி வைக்கும் பரீட்சைதான், ஆனால் முப்பத்தைந்து மார்க் வாங்காதவனை யூனிவர்சிட்டி பரீட்சைக்கு அனுப்ப மாட்டார்கள். லட்சுமணனுக்குத் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை சொல்லிவைத்திருந்தார்கள். ஜூனில் பி.எஸ்ஸி. பாஸ் என்று காட்டினால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு. அவன் வீட்டில் சம்பளம் என்ற சொல் அதுவரை நுழைந்ததில்லை.

விடைத்தாள்களை முதலில் திருத்தியது நான். அம்மோனியா படத்துக்கு நாலு மார்க். லட்சுமணன் படம் அச்சில் ஏற்றலாம்போல இருந்தது. நாலும் போட்டேன். கூட்டினால் முப்பத்தாறு.

பிறகு கட்டு திருமலையிடம் போனது. மனிதர் ஒரு சின்னப் பித்தளைக் கோணமானியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படத்தின் மேலும் வைத்து அளந்தார். கசாப்புக் கடைக்காரன் ஆட்டை அமுக்கிப் பார்க்கிற அக்கறை. அவரைப் பார்த்து எழுதியவர்களுக்கெல்லாம், மேல் இடைவெளியை இப்போதும் அளக்காமலே, நாலு. லட்சுமணனின் ஆப்புக்கும் புள்ளிக்கோட்டுக்கும் நடுவே ஐம்பதோ என்னவோ வந்தது. சிவப்பு மையில் பூஜ்யம். முப்பத்தாறு முப்பத்திரண்டாயிற்று.

லட்சுமணன் அழவில்லை, கெஞ்சவில்லை. நேராக முதல்வர் பாஸ்கலிடம் எழுதிக் கொடுத்துவிட்டான். பாஸ்கல் சரித்திரக்காரர். கும்பினி காலத்துக்குப் பிறகு நடந்த எதிலும் அவருக்கு ருசி கிடையாது. ஆனாலும் விசாரிக்கிறேன் என்று எங்கள் மூன்று பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

திருமலை தாளை மேஜையில் விரித்து, கோணமானியை வைத்துக் காட்டினார். "பாருங்க சார். நூத்தேழுன்னு எழுதியிருக்கான். அளந்தா ஐம்பதுகூடத் தேறல. எழுதினது ஒண்ணு, வரைஞ்சது ஒண்ணு. இதுக்கு எப்படி மார்க் போடறது?"

பாஸ்கல் குனிந்து பார்த்தார். அவருக்கு அது நியாயமாகவே பட்டது. "நீ என்னப்பா சொல்றே?"

"ஒரு பேப்பரு குடுங்க சார். கத்திரியும் கோந்தும்" என்றான் லட்சுமணன். "அந்தக் கோணமானியும்."

திருமலை மூக்கைச் சுருக்கியபடி கொடுத்தார். லட்சுமணன் காகிதத்தில் வட்டம் போட்டு வெட்டி எடுத்தான். நடுவிலிருந்து நூற்றேழு நூற்றேழாக மூன்று துண்டங்களை அளந்து கோடு போட்டான். ஒரு சின்னத் துண்டு மிஞ்சியது.

"இது முப்பத்தொம்பது. சார் படத்துல இதுக்கு எடமே இல்ல. இத்த வெட்டிக் கடாசிடறேன்."

வெட்டினான். கோடுகளை மடித்தான். வெட்டிய இரண்டு விளிம்புகளையும் இழுத்துக் கோந்து தடவி ஒட்டினான். காகிதம் தானாக எழும்பி, மூன்று பக்கக் கூடாரமாக மேஜைமேல் நின்றது.

"உச்சியில நைட்ரஜன். மடிச்ச ரெண்டு கோடும் ஒட்டின கோடும் மூணு பிணைப்பு. மேல தனி ஜோடி குந்திகினு கீது, அது அமுக்கறதாலதான் நூத்தேழு. இப்ப எந்தப் பக்கம் வேணா வெச்சு அளந்து பாருங்க சார், மூணும் நூத்தேழு. தட்டையா வரைஞ்சா மூணும் வராது. ஆராலயும் முடியாது."

நான் வாழ்க்கையில் பார்த்த மிக நல்ல ரசாயன வகுப்பு அதுதான். மூன்று நிமிஷம் ஆகியிருக்காது. நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததில் இது இல்லை. அவனே யோசித்தது.

பாஸ்கல் கூடாரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். திருமலையின் கழுத்து சிவந்தது. "நான் கேட்டது படம். பொம்மை இல்லை" என்றார்.

முதல்வர் என் பக்கம் திரும்பினார். "தண்டபாணி, நீங்களும் ரசாயனம்தான். பையன் சொல்றது சரியா?"

சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். லட்சுமணனுக்கு நாலு மார்க், யூனிவர்சிட்டி, வேலை. எனக்கோ வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்கான சிபாரிசுக் கடிதம் திருமலையின் மேஜை இழுப்பறையில், கையெழுத்துக்குக் காத்திருந்தது. கொருக்குப்பேட்டையில் ஒற்றை அறையில் மனைவி மங்கம்மாவும் இரண்டு குழந்தைகளும் காத்திருந்தார்கள். இதெல்லாம் சாக்கு. நான் பயந்தேன், அவ்வளவுதான்.

"வகுப்பில் சொல்லிக்கொடுத்த முறை சார் வரைந்த முறைதான்" என்றேன். "மாணவர் அதைப் பின்பற்றவில்லை."

ஒவ்வொரு எழுத்தும் உண்மை. நாக்கில் மலம் பட்டதுபோல் இருந்தது.

"அப்போ சரி" என்று பாஸ்கல் கோப்பை மூடினார். சரித்திரத்தில் அவர் மூடிய எத்தனையோ கோப்புகளில் ஒன்று.

வெளியே வராந்தாவில் லட்சுமணன் நின்றிருந்தான். பக்கத்தில் போய், அடுத்த வருஷம் கட்டாயம் தேறிவிடலாம், நானே தனியாகச் சொல்லித்தருகிறேன், அந்தத் தொழிற்சாலையில் எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார் என்று ஏதேதோ உளறினேன். அவன் கடைசி வரை கேட்டான்.

"அவருக்குத் தெரியாது சார். தெரியாதவர் மேல கோவப்பட்டு இன்னா பண்றது?" என்றான். "உங்களுக்குத் தெரியுமே சார்."

படியிறங்கிப் போனான். என்னைத் திட்டியிருந்தால் சாயங்காலத்துக்குள் மறந்திருப்பேன்.

திங்கட்கிழமை திருமலை என்னை ஆசிரியர்கள் அறைக்குக் கூப்பிட்டார். கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, மை உலர ஊதி, என் கையில் கொடுத்தார். பெஞ்சில் நகர்ந்து பக்கத்தில் இடம்விட்டு உட்காரச் சொன்னார். ஆறு வருஷத்தில் அவர் எனக்காக நகர்ந்தது அதுதான் முதல் தடவை.

"நீ நல்லா வருவே தண்டபாணி" என்று முதுகில் தட்டினார். "உன் வயசுல நானும் அச்சு அசல் உன்னை மாதிரியேதான் இருந்தேன்."

நான் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.