வட்டி மட்டும் பொய் சொல்லவில்லை

கீழே சலவை யந்திரங்கள் சுழன்றுகொண்டிருந்தன. ஆவி படிக்கட்டு வழியாக மாடி அறைக்குள் ஏறி வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் சோம்பலாக மிதந்தது. ஆஸ்பத்திரிப் போர்வைகள் துவைக்கும் இந்த இடத்தில் உட்கார்ந்தாலே அக்காவுக்குக் கண் சொருகும். முப்பது வருஷம் ஆடிட்டர் ஆபீஸில் பேனா பிடித்தவள், இன்று தம்பியின் விரிவாக்கத் திட்டத்தைப் படிக்க வந்திருந்தாள். பிடித்திருந்தால் ஓய்வுப் பணம் முழுவதையும் இதில் போடுவதாகப் பேச்சு.

தம்பி எதிரே உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தான். ஐம்பது வயதாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

சென்ற ஆண்டின் பேலன்ஸ் ஷீட்டில் வங்கிக் கடன் நாற்பது லட்சம், சொந்த முதல் அறுபது லட்சம். இரண்டு பக்கமும் காசு பிசகாமல் சமமாக இருந்தன. இருக்காதா பின்னே! சமமாக வரும்வரை விடமாட்டார்களே. அவள் லாப நஷ்டக் கணக்குக்குத் திரும்பினாள். வட்டிச் செலவு, பன்னிரண்டு லட்சம்.

ஆவியில் எழுத்துகள் லேசாக நீந்துவது போலிருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"பேங்க்ல என்ன வட்டிடா?"

"பன்னெண்டு பர்சென்ட்க்கா."

"வருஷம் பூரா கடன் அதே நாப்பதுதானே?"

"ஆமா."

"அப்போ அஞ்சு லட்சம்கூட வராதே. மீதி யாருக்குக் கட்டின?"

தம்பி வாயிலிருந்து விரலை எடுத்தான். அவள் மனசுக்குள் கணக்கு தானாக ஓடியது. மீதி ஏழு லட்சத்து இருபதாயிரம். அதே வட்டிக்கு அது அறுபது லட்சத்தின் வட்டி. சொந்த முதல் என்று அவன் மார்தட்டி எழுதியிருந்த அதே அறுபது.

"சொந்தப் பணம் இல்லியா அது?"

"வீட்டை வெச்சு வாங்கினேன்க்கா. என் பேர்லதானே இருக்குன்னு... அம்மாகிட்ட சொல்லல."

அம்மா இந்நேரம் அந்த வீட்டு ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருப்பாள், பகல் வெயில் காலில் விழ. அதை நினைத்ததும் அக்கா தாளை மேஜையில் அறைந்தாள். அவனை ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

"கடனை மறைச்ச திருட்டுப்பய, வட்டியை ஏண்டா முழுசா எழுதின?"

"மாசாமாசம் என் கையால கட்டினதுக்கா. அதை இல்லன்னு எழுத கை வரல."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மறுபடி தாளைப் பார்த்தாள். அத்தனை வட்டியும் போன பிறகும் அடியில் ஒன்பது லட்சம் லாபம் நின்றது. துணி வெளுக்கும் தொழில் நிஜமாகவே ஓடிக்கொண்டுதான் இருந்தது. வட்டி வரியிலும் அதற்குக் கீழேயும் மட்டும் அவனை நம்பலாம் என்று பட்டது.

சொந்த முதலை அடித்து, வங்கிக் கடனுக்குக் கீழே அறுபதை எழுதினாள். அடமானம் என்று பெரிய எழுத்தில் போட்டாள். கூட்டுத்தொகை மாறவே இல்லை.

"என் பணம் வேணும்னா எந்திரி," என்றாள். "இந்தத் தாளை எடுத்துக்க, அம்மாகிட்ட நீயே காட்டு. அம்மா முழிக்கிற நேரம்."