நல்லாவும் இல்லை, மோசமாவும் இல்லை

பீட்டருக்கு இதயம் பலவீனம் என்று டாக்டர்கள் சொல்லி வீட்டுக்கு அனுப்பிய அன்று, அவருடைய பெயரைத் தொலைபேசி நலவிசாரிப்பில் சேர்த்தது மகள் நவோமிதான். தினமும் காலை எட்டு மணிக்கு ஓர் இயந்திரம் தமிழில் கூப்பிடும். என்ன சாப்பிட்டீர்கள், உடம்பில் எங்காவது வீக்கம் உண்டா, மூச்சு எப்படி இருக்கிறது என்று மூன்றே கேள்விகள். பதில் சரியில்லை என்றால் கிளினிக்கில் இருக்கும் தாதி நூர் ஃபாத்திஹாவின் திரையில் சிவப்பு எரியும். சரியென்றால் பச்சை. துறைமுகத்தில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்த பீட்டருக்கு இதெல்லாம் சிரிப்பு. “மெஷினுக்கு நான் பதில் சொல்லணுமாலா?” என்றார். ஆனாலும் ஏழே முக்காலுக்கே ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டின் முன்னறையில் சட்டை போட்டு உட்கார்ந்துவிடுவார்.

அந்த இயந்திரத்துக்குத் தமிழ்ச் சொற்களின் உறவுகளைச் சொல்லிக்கொடுத்ததும் நவோமிதான். தனியார் கல்லூரி ஒன்றில் மொழியியல் பாடம் எடுக்கிறவள். டத்தோ கிராமாட் பக்கம் இரண்டாம் மாடி அறையில் ஹஸ்ருல் என்ற நிரலாளரோடு ஆறு மாதம் உட்கார்ந்து அட்டவணை நிரப்பினாள். எது எதன் வகை, எது எதன் பகுதி, எதற்கு எது எதிர். மூன்று பத்திகள்.

வகைப் பத்தியில் அவள் காட்டிய பொறுமையைக் கண்டு ஹஸ்ருலே கேலி செய்தான். நெத்திலிக் கருவாடு ஒரு கருவாடு, கருவாடு ஓர் உப்புணவு. இந்த வழி மேலேதான் போகும், கீழே வராது. உப்புணவு எல்லாம் கருவாடு ஆகிவிடாது. பகுதிப் பத்தியிலும் அப்படித்தான். கணுக்கால் காலின் பகுதி, கால் உடம்பின் பகுதி. ஆனால் கணுக்கால் என்பது கால் வகைகளில் ஒன்று அல்ல. இரண்டையும் குழப்பினால் இயந்திரம் உளறும் என்று அவள் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை பார்த்தாள்.

அந்த உழைப்பு வீண் போகவில்லை. இரண்டாம் நாளே பீட்டர் பெருமையாக, நெத்திலிக் கருவாடு சம்பல் சாப்பிட்டேன் என்று சொல்லி மாட்டிக்கொண்டார். உப்பைக் குறையுங்கள் என்று இயந்திரம் உடனே சொல்லிற்று. மனைவி அமலம்மாள் அன்றே கருவாட்டு டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். நான்காம் நாள், வீக்கம் எதுவும் இல்லை, கணுக்கால்தான் கொஞ்சம் தடித்திருக்கிறது என்றார். கணுக்கால் உடம்பின் பகுதி என்று இயந்திரத்துக்குத் தெரிந்திருந்தது. சிவப்பு எரிந்தது. நூர் ஃபாத்திஹா கூப்பிட்டு மாத்திரையை மாற்றினாள். இரண்டே நாளில் வீக்கம் வடிந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் இயந்திரத்தின் வார்த்தைக்கு மறுவார்த்தை இல்லை.

மூன்றாம் பத்தியில்தான் கோளாறு. எதிர்ச்சொல் எல்லாம் ஒரே குணம் உள்ளவை அல்ல. இதை நவோமி வருடா வருடம் வகுப்பில் சொல்கிறாள். சூடு, குளிர் என்ற ஜோடிக்கு முன்னால் ‘ரொம்ப’ போடலாம், ஒன்றைவிட ஒன்று சூடு எனலாம். சூடு இல்லை என்றால் குளிர் என்று ஆகாது. சூடாகவும் இல்லை, குளிராகவும் இல்லை என்று நிம்மதியாகச் சொல்லலாம். நடுவில் இடம் இருக்கிறது. இவற்றைப் படியுள்ள எதிர் என்பாள். உயிரோடு இருப்பது, இறந்துபோவது என்ற ஜோடியில் அந்த இடம் இல்லை. ஒன்றை மறுத்தால் மற்றதுதான். ‘ரொம்ப இறந்துபோனார்’ என்று யாரும் சொல்லமாட்டார்கள். இரண்டும் இல்லை என்றால் பேச்சே முரண். ‘அரை உயிராகக் கிடக்கிறான்’ என்கிறோமே மிஸ் என்று நல்லம்மாள் என்ற மாணவி ஒரு தடவை மடக்கினாள். அப்போதும் அவன் உயிரோடு இருக்கிற பக்கம்தான் என்று நவோமி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி வேண்டும் என்று ஹஸ்ருலிடம் கேட்கத்தான் செய்தாள். படிவம் முடிவாகிவிட்டது, இனி மாற்ற முடியாது, படியுள்ளவற்றுக்குக் குறிப்புக் கட்டத்தில் எழுதிவிடு என்றான். கட்டம் காலியாக இருந்தால், ஒன்று இல்லை என்றால் மற்றது என்றே இயந்திரம் எடுத்துக்கொள்ளும் என்றும் சொன்னான். ஒளிவுமறைவு இல்லாமல்தான் சொன்னான்.

அன்று பெரிய வியாழன். மாலைப் பூசையில் அவள் பாட வேண்டும். ஐம்பத்திரண்டாம் வரி வரை குறிப்பு எழுதினாள். மிச்சம் நானூறுக்குமேல் கிடந்தது. பண்டிகை முடிந்து வந்து எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். திங்கட்கிழமை வேறு வேலை வந்தது, செவ்வாய்க்கிழமை அட்டவணை முடிந்தது என்று கையெழுத்துக் கேட்டார்கள். போட்டாள். அறுபத்தோராம் வரியில் நல்ல, மோசமான என்ற ஜோடி இருந்தது. அதன் கட்டம் காலி. நல்லதுக்கும் மோசத்துக்கும் நடுவில் இடம் இருப்பதுகூடவா ஒருவர் எழுதிக் காட்ட வேண்டும் என்று அப்போது தோன்றியிருக்கலாம். உண்மையில் அவள் எதையும் யோசிக்கவே இல்லை.

இரண்டாம் வாரத்து வியாழக்கிழமை இரவு பீட்டர் மூச்சு முட்டியதால் இரண்டு தலையணை வைத்துத் தூங்கினார். வெள்ளிக்கிழமை இரவு தூங்கவே இல்லை. நாற்காலியில் சாய்ந்தபடி கிடந்தார். சனிக்கிழமை காலையில் நவோமி வந்ததும் அமலம்மாள் அவளைச் சமையலறைக்குள் இழுத்துப்போய், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடலாமா, எனக்கு மனசே சரியில்லை என்றாள். நவோமி மடிக்கணினியைத் திறந்து பார்த்தாள். வெள்ளி பச்சை. அப்போதுதான் முடிந்திருந்த சனிக்கிழமை அழைப்பும் பச்சை.

“பச்சையாத்தாம்மா இருக்கு. திங்கக்கிழமை கிளினிக் இருக்குல்ல, அப்ப பாப்போம்.”

அப்பாவிடமும் கேட்டாள். மூச்சு எப்படி இருக்கிறது என்று.

“நல்லாவும் இல்லம்மா, மோசமாவும் இல்லம்மா,” என்றார் அவர்.

நவோமி சிரித்தாள். பாவி மகள், சிரித்தாள். வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போடுகிற வாக்கியம் அது. படியுள்ள எதிருக்கு அதைவிடச் சுத்தமான சோதனை கிடையாது. அடுத்த வாரம் பிள்ளைகளிடம் எங்கள் அப்பா சொன்னது என்று சொல்லப்போகிறேன் என்றாள். பீட்டரும் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார்.

ஞாயிறு விடிகாலை அவர் நாற்காலியிலேயே சரிந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. நுரையீரல் முழுக்க நீர் என்றார்கள். அமலம்மாள் வராந்தாவில் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். நவோமி ஒரு மூலையில் நின்று கைப்பேசியில் வெள்ளிக்கிழமைப் பதிவைத் திறந்தாள். அப்பா சொன்னது எழுத்தில் இருந்தது. நல்லாவும் இல்ல, மோசமாவும் இல்ல. அதன் கீழே இயந்திரம் போட்ட கணக்கு. நல்லா இல்லை, ஆகவே மோசம். மோசமாக இல்லை, ஆகவே நல்லது. இரண்டும் மோதுகின்றன. பதில் தள்ளப்பட்டது. கடைசியாகப் பதிவான நிலையே தொடரும்: நலம். சனிக்கிழமையும் அதே வரிகள்.

அவள் ஹஸ்ருலைக் கூப்பிட்டாள். அவன் அட்டவணையைத் திறந்து பார்த்தான். பிறகு, அறுபத்தோராம் வரியில் குறிப்பு இல்லையே என்று தாழ்ந்த குரலில் சொன்னான். குற்றம் சாட்டுகிற குரல் அல்ல அது. அப்படி இருந்திருந்தால் அவள் திருப்பித் திட்டியாவது இருப்பாள்.

காலை முழுதும் டாக்டர்கள் படி வைத்தே பேசினார்கள். கொஞ்சம் மோசம் என்றார்கள், முன்னைவிடப் பரவாயில்லை என்றார்கள், மறுபடி ரொம்ப மோசம் என்றார்கள். அந்த ஒவ்வொரு ‘கொஞ்ச’த்தையும் நவோமி பிடித்துக்கொண்டு தொங்கினாள். பத்தே காலுக்கு ஓர் இளம் டாக்டர் வெளியே வந்து அவளைத் தனியாக அழைத்து, மலாயில் இரண்டே சொல் சொன்னார். அதில் கொஞ்சமும் இல்லை, ரொம்பவும் இல்லை.

அமலம்மாள் எழுந்து வந்தாள். மகளின் முகத்தைப் பார்த்தும் கேட்டாள்.

“கொஞ்சமாச்சும் உசிரு இருக்கா நவோமி? கொஞ்சம் இருந்தாக்கூடப் போதும்மா.”

நவோமி வாயைத் திறந்தாள். அவளுக்குத் தெரிந்த மொழி முழுவதிலும் அம்மாவுக்குக் கொடுக்க நடுவில் ஒரு சொல் இல்லை.

“இல்லம்மா,” என்றாள்.

அறுபத்தோராம் வரியைப் பற்றிய உண்மையை அன்று சொல்லவில்லை. இரவு வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றினாள், அழுதாள், சொல்லவில்லை. ஹஸ்ருல் வந்து வாசலில் நின்றான். அவனும் சொல்லவில்லை. வயசு, இதயம், கடவுள் சித்தம் என்று வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். மெஷின்கூட நல்லா இருக்குன்னுதான் சொல்லிச்சு, அதுக்கே தெரியல பாருங்க என்று அமலம்மாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் நவோமி சமையலறைக்குப் போய் வந்தாள். அடக்கம் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். இதையும் அவள் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்றுதான் விட்டாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணி. பீட்டர் முன்னறையில் பெட்டிக்குள் சட்டை போட்டுப் படுத்திருந்தார். மேசைமேல் அவருடைய கைப்பேசி அடித்தது. அவர் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நவோமி எழுவதற்குள் அமலம்மாள் எடுத்துவிட்டாள். காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஒலிபெருக்கியில்தான் போடுவாள். குரல் அறை முழுக்கக் கேட்டது. என்ன சாப்பிட்டீர்கள் என்றது. அமலம்மாள் பேசவில்லை. வீக்கம் உண்டா என்றது. பேசவில்லை. மூச்சு எப்படி இருக்கிறது என்றது.

“நல்லாவும் இல்ல, மோசமாவும் இல்ல,” என்றாள் அமலம்மாள். “மூச்சே இல்ல.”

இயந்திரம் இரண்டு விநாடி யோசித்தது.

“நன்றி. இன்றைய நிலை: நலம்.”

இணைப்பு அறுந்தது. அமலம்மாள் கைப்பேசியைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். பிறகு மெதுவாக மகள் பக்கம் திரும்பினாள்.

“அப்பா சொன்னதையேதான் நானும் சொன்னேன். அன்னைக்கும் இப்படித்தான் சொல்லிச்சு. ஏன் அப்படிச் சொல்லுது?”

நவோமி அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

“நான்தாம்மா அப்படிச் சொல்லிக் குடுத்தேன்,” என்றாள்.

அமலம்மாள் எழுந்தாள். கைப்பேசியைப் பீட்டரின் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, மகளிடமிருந்து நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.