இரண்டாம் மாடிக்கு ஓர் உதாரணம்

புகை, மது, போதைப்பொருளால் உடலுக்கு வரும் கேடுகள் பற்றிய கட்டுரையில் ஒரு மாணவி எழுதியிருந்தாள்: "மது கல்லீரலைக் கெடுக்கும். போதைப்பொருள் மூளையைப் பாதிக்கும். சிகரெட் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உதாரணம்: எங்கள் தலைமையாசிரியர் இரண்டாம் மாடிக்கு வருவதற்குள் இரண்டு முறை நிற்பார்."

முழு மதிப்பெண் போடுவதா, பிள்ளையைக் காப்பாற்ற அந்த வரியை அடிப்பதா என்று அறிவியல் டீச்சர் தவித்தார். அதற்குள் ஒழுக்கத்தின் திருவுருவமான தலைமையாசிரியரே மூச்சிரைக்க வந்து, தாளை வாங்கிப் படித்தார்.

"யாரு எழுதினது?"

"சின்னப் பொண்ணு சார், விட்டுடுங்க."

"ரெண்டு தடவையா? மூணு தடவை டீச்சர்! அரை மார்க் குறைங்க" என்றபடி நாற்காலியில் சாய்ந்தார்.

டீச்சர் நிம்மதியாகப் பத்துக்கு ஒன்பதரை போட்டார்.